கறுப்பு பனியன் துணியில் பூ வரைய வேண்டுமென்றால்

அன்புள்ள தங்கைக்கு,

கறுப்பு டிஷர்ட்டில் மஞ்சள் கார்பனால் பதித்த கோடு பாதித் தையலிலேயே உதிர்ந்துவிட்டது, மீதியை ஊகித்துத் தைத்ததில் கொடி கோணலாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். அடியில் விளக்கு வைத்து நகலெடுக்கலாம் என்றால் கறுப்புத் துணிக்குள் வெளிச்சமே ஏறாது. சூடு காட்டினால் மறையும் பேனாக்களையும் கறுப்புத் துணியில் நம்பாதே. இஸ்திரி போட்ட பிறகும் சிலவற்றின் தடம் வெளிறிய கோடாகத் தங்கிவிடும். ஆரிக்காரர்கள் செய்வதுபோல் டிரேசிங் பேப்பரில் ஊசியால் துளையிட்டு, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்ப்பது பட்டு ரவிக்கைக்கு அருமையான வழி. ஆனால் அங்கே துணி கட்டையில் விறைப்பாகக் கட்டப்பட்டிருக்கும். பனியன் துணியோ தேய்க்கும் கையோடு நகரும்; கோடும் கூடவே நகர்ந்துவிடும்.

நீ கேட்ட தண்ணீரில் கரையும் ஸ்டெபிலைசர், கோடு உதிர்வது, துணி நகர்வது என்ற இரண்டு சிக்கலையும் ஒருசேரத் தீர்க்கிறது. டிசைன் துணியில் பதிவதே இல்லை. மேலே ஒட்டிய தாளில் இருக்கிறது. தாளோடு சேர்த்துத் துணியைத் தைத்துவிட்டு, தாளைத் தண்ணீரில் கரைத்து விடுகிறாய். பாலிவினைல் ஆல்கஹால் என்ற பொருளால் ஆனது என்பதால்தான் அது கரைகிறது. கண்ணாடி போன்ற பிலிமாகவும் கிடைக்கும், துணி போன்ற நார்த்தாளாகவும் கிடைக்கும். பனியன் துணியில் கைத்தையலுக்கு, பின்புறம் பசையுள்ள நார்த்தாளையே வாங்கு. பிலிம் வழுக்கும், ஊசி குத்திய இடத்தில் கிழியவும் செய்யும்.

ஒரு வேலையை முழுதாகச் சொல்கிறேன். கறுப்புப் பருத்தி டிஷர்ட், இடது மார்பில் 7 செ.மீ. உயரமுள்ள மல்லிகைக் கொத்து. முதலில் டிஷர்ட்டைத் துவைத்துக் காயவை. புதுத் துணி தைத்த பிறகு சுருங்கினால் பூவைச் சுற்றி மடிப்பு விழும். அடுத்து, பூ வரப்போகும் இடத்தின் உள்பக்கம் மெல்லிய, இழுபடக்கூடிய ஃப்யூசிங்கை இஸ்திரியால் ஒட்டு. சூடு வேண்டிய வேலைகள் எல்லாம் இத்தோடு முடிந்துவிட வேண்டும். கரையும் தாள் ஒட்டிய பின் இஸ்திரிப் பெட்டி துணிப் பக்கமே வரக்கூடாது.

டிசைனைத் தாளின் துணி போன்ற பக்கத்தில் வரை. பசையைக் காக்கும் வழுவழுப்பான பக்கத்தில் அல்ல. தாள் துணியின் முன்பக்கம் ஒட்டுவதால் டிசைனைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. எதனால் வரைகிறாய் என்பதில் கவனம் வேண்டும். கறுப்புத் துணியில் மை ஒட்டினால் தெரியாது, ஆனால் மல்லிகையின் வெள்ளை நூல் அந்த மையைக் குடித்துச் சாம்பலாகிவிடும். தண்ணீரில் அழியும் பேனாவால் மெல்லிய கோடு போதும். இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சடிப்பதானால் கோட்டை வெளிர் சாம்பலாக மாற்றிக்கொள்.

ஒட்டும்போது டிஷர்ட்டை மேசையில் இயல்பாகக் கிடக்க விடு. கூர்ந்து பார்த்தால் பனியன் துணியில் மேலிருந்து கீழாக நுண்ணிய வரிகள் ஓடுவது தெரியும். டிசைனின் நடுக்கோட்டை அதற்கு இணையாக வை. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தடவி ஒட்டு. ஒரு மூலையைக் கூட இழுக்காதே. இழுத்து ஒட்டிய துணி, தாள் கரைந்ததும் தன் பழைய அளவுக்குத் திரும்பும். உன் தையல் திரும்பாது. ஃபிரேமில் போடும்போதும் இதே கதைதான். தாளும் துணியும் ஒன்றாகச் சேர்ந்து இறுகட்டும். திருகை முறுக்கிய பிறகு ஓரங்களைப் பிடித்து இழுத்து மத்தளம்போல் ஆக்காதே.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தாள் ஒட்டியதும் பனியன் துணி கெட்டியான பருத்தித் துணிபோல் நடந்துகொள்கிறது. கை அதை நம்பி நூலை வழக்கம்போல் இறுக்குகிறது. தாள் போனதும் துணி தளர்ந்து, இறுக்கிய இடமெல்லாம் சுருங்குகிறது. இறுக்கக்கூடாதென்று தொளதொளவென விட்டாலும் தப்பு: தாளின் தடிமனுக்கும் சேர்த்துத்தானே நூலைப் போட்டிருக்கிறாய், அது கரைந்ததும் நூல் இன்னும் கொஞ்சம் தொங்கும். நூல் தாளைத் தொட்டுப் படுத்திருக்க வேண்டும். அதைப் பள்ளமாக்கக் கூடாது. இதுதான் அளவு.

தையலைத் தேர்வதும் இதே காரணத்தால்தான். தண்டுக்கு இரண்டு இழையில் காம்புத் தையல் போடு, ஒவ்வொரு தையலும் மூன்று நான்கு மில்லிமீட்டர் இருக்கட்டும். இலைகளைச் சங்கிலித் தையலால் நிரப்பு. இந்த இரண்டும் துணியோடு கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். நீளமான சாட்டின் தையல் வேண்டாம். துணி இழுபடும்போது நூல் இழுபடாமல் நிற்கும், தளர்ந்தால் எழும்பி எதிலாவது மாட்டும். இதழ்களுக்குத் தனித்தனிச் சங்கிலிக் கண்ணி போதும்.

ஊசி கோக்கும்போது நூல் முனையை எச்சிலில் நனைக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இந்தத் தாளில் அது ஆகாது. ஈரம் பட்ட இடம் கொழகொழப்பாகி ஊசியில் ஒட்டும். வியர்க்கும் கைக்கும் அதே கதி. பக்கத்தில் கைக்குட்டை வைத்துக்கொள், ஊசியில் பசை ஏறினால் துடைத்துவிடு. மிஞ்சிய தாளைக் காற்றுப் புகாத பையில் போடு; மழைக்காலத்தில் வெளியே கிடந்தால் ஈரம் இழுத்துக்கொள்ளும்.

கரைப்பதற்கு முன் ஓரத் தாளைக் கத்தரித்து எடு. எவ்வளவு குறைவாகத் தாள் இருக்கிறதோ அவ்வளவு குறைவாகப் பசை. சாயம் இறங்கும் என்று சந்தேகப்படும் சிவப்பு நூல் ஏதேனும் இருந்தால், அதை முன்னதாகவே நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்திருக்க வேண்டும்; இப்போது பார்த்துப் பயனில்லை. அகலப் பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீர் வைத்து ஊறவிடு. நீர் எவ்வளவு சூடாக இருக்கலாம் என்பதை வாங்கிய தாளின் உறையில் பார்த்துக்கொள். தேய்க்காதே, தண்ணீரை மட்டும் மாற்று. தாள் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் போய்விட்டதென்று நினைக்காதே, விரலால் தொட்டுப் பார். வழுக்கினால் இன்னும் இருக்கிறது. காய்ந்த பிறகு விறைப்பாக இருந்தாலும் அதே பொருள்தான். மறுபடி ஊறவைத்தால் போய்விடும். பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றிவிட்டு, படுக்கவைத்துக் காயவிடு.

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. தண்ணீர் பட்டால் கறையாகும் பட்டு, வெல்வெட், கறுத்துப்போகும் ஜரிகை ஆகியவற்றுக்கு இது வேண்டாம். அங்கெல்லாம் துளையிட்ட தாளும் பொடியும்தான், அல்லது டிஷ்யூ பேப்பரில் வரைந்து, கோட்டின் மேல் ஓட்டுத் தையல் போட்டுத் தாளைக் கிழித்தெடுப்பதுதான்.

அடுத்த டிஷர்ட்டைத் தொடும் முன், அதே ரகத் துணித் துண்டில் ஓர் இலையும் ஒரு பூவும் மட்டும் தைத்து, கரைத்து, காயவைத்து, இரு கையாலும் பக்கவாட்டில் இழுத்து விடு. இலை பழைய வடிவுக்குத் திரும்பினால் உன் கை சரியாக இருக்கிறது. ஓரம் சுருங்கி நின்றால் இறுக்கிவிட்டாய், நூல் மேலெழும்பி நின்றால் தளர்த்திவிட்டாய். அந்தத் துண்டையும் அடுத்த கடிதத்தோடு வைத்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா