எட்டாவது சுரம் எங்கே விழ வேண்டும்?

ஜார்ஜ் கெர்ஷ்வின் 1930-இல் ‘கேர்ள் கிரேஸி’ என்ற இசை நாடகத்துக்காக எழுதிய பாட்டு ‘ஐ காட் ரிதம்’. அதன் மெட்டை எடுத்துவிட்டு கார்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஜாஸ்காரர்கள் புதுப்புது மெட்டுகளை ஏற்றினார்கள். எலிங்டனின் ‘காட்டன் டெயில்’, சோனி ரோலின்ஸின் ‘ஓலியோ’ இரண்டுக்கும் அடியில் ஓடுவது இந்தக் கார்டுகள்தான். ‘ரிதம் சேஞ்சஸ்’ என்பது இதன் பெயர். 32 பார், பெரும்பாலும் பி ஃப்ளாட்டில், நல்ல வேகத்தில் வாசிப்பார்கள்.

இதைப் பழக விரும்புகிறவர்களை நான் நடுவில் வரும் 8 பார் பிரிட்ஜிலிருந்து தொடங்கச் சொல்வேன். மற்ற பகுதிகளில் இரண்டு பீட்டுக்கு ஒருமுறை கார்ட் மாறும். பிரிட்ஜில் டி7, ஜி7, சி7, எஃப்7 என ஒவ்வொன்றும் இரண்டு பார் நிற்கும். யோசிக்க இடம் கிடைக்கும்.

டி7-இன் ஸ்கேல் நம் கணக்கில் ஹரிகாம்போதி. பியானோவில் மேல் டி-யிலிருந்து, பீட்டுக்கு இரண்டு சுரமாக இறங்கிப் பாருங்கள்: டி, சி, பி, ஏ, ஜி, எஃப் ஷார்ப், ஈ. நான்கு பீட்டிலும் விழுபவை டி, பி, ஜி, ஈ. டி-யைத் தவிர ஒன்றும் டி7-ஐச் சேர்ந்ததில்லை. சுரங்கள் சரிதான், ஆனாலும் காதில் டி7 கேட்காது. ஸ்கேலில் ஏழு சுரம், பாரில் எட்டு இடம் என்பதால் வரும் வினை இது.

பீபாப் வாசிப்பவர்கள் டி-க்கும் சி-க்கும் நடுவே சி ஷார்ப்பைச் சேர்த்தார்கள். இப்போது டி, சி ஷார்ப், சி, பி, ஏ, ஜி, எஃப் ஷார்ப், ஈ என எட்டு. பீட்டில் விழுபவை டி, சி, ஏ, எஃப் ஷார்ப்: முழு டி7. சேர்த்த சுரம் இரண்டு பீட்டுக்கு நடுவே ஓடிவிடுகிறது. இந்த வழக்கத்துக்குப் ‘பீபாப் ஸ்கேல்’ என்ற பெயரைப் பரப்பியவர் டேவிட் பேக்கர். சார்லி பார்க்கரின் விரல்களில் அதற்கு முன்பே அது இருந்தது.

ஒரு பார் இறங்கினால் ஒரு ஆக்டேவ் கீழே போய்விடுவோம். அதனால் நான் அடுத்த பாரை மறுபடி மேல் டி-யிலிருந்து தொடங்குவேன். இரண்டாவது பார் ஈ-யில் முடிந்ததும் அடுத்து வருவது டி. அது ஜி7-இன் ஐந்தாம் சுரம், ஆகவே கார்ட் மாறியும் கை நிற்க வேண்டியதில்லை. ஜி7-இல் சேர்க்க வேண்டியது எஃப் ஷார்ப்: டி, சி, பி, ஏ, ஜி, எஃப் ஷார்ப், எஃப், ஈ.

ஜி7-இலிருந்து சி7-க்கு அப்படியே போனால் முதல் பீட்டில் டி விழும். அது சி7-இல் இல்லை. இங்கேதான் நான் மாணவர்களை அதிக நேரம் நிறுத்துவேன். கடைசி ஈ-யை விட்டுவிட்டு, நான்காவது பீட்டில் எஃப், அதன் பாதியில் டி, அடுத்த பாரின் முதல் பீட்டில் ஈ என்று வாசியுங்கள். மேலும் கீழும் தொட்டுவிட்டு நடுவில் உட்காரும்போது சி7 பளிச்சென்று கேட்கும். பார்க்கரின் சோலோக்களில் இந்தப் பிடி திரும்பத் திரும்ப வரும். சி7-இல் ஈ, டி, சி, பி, பி ஃப்ளாட், ஏ, ஜி, எஃப் என்று இறங்குங்கள். எஃப்7 வரும்போது அடுத்த ஈ-யை அரைச்சுரம் இறக்கி ஈ ஃப்ளாட்டாக்கினால் போதும். அது எஃப்7-இன் ஏழாம் சுரம்.

சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. பீட்டுக்கு நடுவே வரும் சுரங்களை எடுத்துவிட்டு, பீட்டில் விழுவதை மட்டும் வாசியுங்கள். இடது கை இல்லாமலே கார்ட் மாறுவது கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பெரும்பாலும் டி-யை அரை பீட் தள்ளித் தொடங்கியிருப்பீர்கள். அப்போது சி ஷார்ப் பீட்டிலேயே விழுந்து கீழே இருக்கும் சி-யோடு உரசும். அரை பீட் காத்திருந்து தொடங்குங்கள். அல்லது பாதியில் சி ஷார்ப்பைத் தொட்டு டி-யைப் பீட்டில் பிடியுங்கள்.

இன்னொரு இடத்திலும் கணக்கு நழுவும். அழகுக்காக ஒரு பீட்டில் மூன்று சுரம் வைத்து இறங்கினால் ஒரு சுரம் கூடுதலாகச் செலவாகிவிடும். அதன்பின் பீட்டில் விழுபவையெல்லாம் மாறிவிடும். அந்த மூன்றை மேலே ஏறும் ஆர்பெஜியோவில் வையுங்கள். ஏறி முடித்து, அடுத்த பீட்டில் ஒரு கார்ட் சுரத்திலிருந்து இறக்கத்தைத் தொடங்குங்கள்.