அயல் வயலின் விளைச்சலும் அதன் காரணமும்
எழுமாற்று முறையிற் பரீட்சைப் பாத்தி அமைத்தல்

கமக்காரர் ஒருவர் புதிய பசளையொன்றை வாங்குமுன் அதனை இட்டவர்களின் வயலைப் பார்த்துவருவது வழக்கம். அவ்வயலிற் கதிர் நன்றாயிருப்பின் பசளையும் நன்றென முடிவு செய்கின்றார். பசளையும் நல்விளைவும் ஓரிடத்திற் சேர்ந்து காணப்படுவது உண்மையே. ஆயினும், சேர்ந்து காணப்படுவது ஒன்று. ஒன்றால் மற்றது விளைவது வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் பயனற்ற பொருளுக்குப் போகந்தோறும் பணம் செலவிட நேரும்.

சேர்ந்து நிற்பன எல்லாம் காரணமாகா

விளக்கத்தின் பொருட்டு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு குளத்தின் கீழ் 40 கமக்காரர் நெற்செய்கை பண்ணுகின்றனர். அவர்களுள் 20 பேர் இலையில் விசிறும் திரவப் பசளையொன்றை வாங்கி விசிறினர். ஏனைய 20 பேர் விசிறவில்லை. அறுவடையின்போது விசிறியவர்களின் சராசரி விளைவு ஏக்கருக்கு 89 புசலாகவும், விசிறாதவர்களின் சராசரி 71 புசலாகவும் இருந்தது. 18 புசல் வேறுபாட்டைக் கண்டோர், திரவத்தின் விலை அதற்கு முன் அற்பமென்றே எண்ணுவர்.

இனி, அதே 40 வயல்களையும் வாய்க்காலின் தலைப்பக்கத்தன, கடைப்பக்கத்தன என இரு கூறாக்கிப் பார்த்தல் வேண்டும். தலைப்பக்கத்தில் விசிறியவர் 16 பேர், விசிறாதவர் 4 பேர். இரு சாராரின் சராசரியும் 95 புசல். கடைப்பக்கத்தில் விசிறியவர் 4 பேர், விசிறாதவர் 16 பேர். அங்கும் இரு சாராரும் பெற்றது 65 புசலே. ஒரே பக்கத்து வயல்களை ஒப்பிட்டவுடன் 18 புசல் வேறுபாடு முற்றாக மறைந்துவிட்டது.

இதன் காரணம் வெளிப்படை. தலைப்பக்கத்து வயலுக்கு நீர் வேளையோடு வருகின்றது. அதனால் விளைவு மிகுகின்றது. விளைவு மிகுந்தவர் கையிற் பணம் தங்குகின்றது. அதனால் அவரே திரவத்தையும் வாங்குகின்றார். நீரென்னும் ஒரே காரணி ஒரு கையால் விளைச்சலையும் மறு கையால் திரவத்தையும் பிடித்துநிற்க, திரவமே விளைச்சலைத் தந்ததுபோல் தோன்றுகின்றது. இவ்வாறு இரண்டுக்கும் இடையிற் புகுந்து மயக்குவதை இடைபுகு காரணி என்பர்.

வாய்க்காற் பக்கம் கண்ணுக்குத் தெரிந்தமையால் வயல்களை அதன்படி பிரிக்க முடிந்தது. ஆனால், நல்ல விதை நெல் தேடியவர் யார், காலத்தே களை பிடுங்கியவர் யார், எந்த வயலில் முன்னர் மாட்டுப்பட்டி அடைக்கப்பட்டிருந்தது என்பனவும் இவ்வாறே இடைபுகக்கூடும். அறியாத காரணியைக் கொண்டு எவரும் வயல்களைப் பிரித்தல் இயலாது. ஆகையால் வேறொரு வழி வேண்டியதாயிற்று.

நாணயம் சுண்டுவதன் பயன்

இங்கிலாந்திலுள்ள றொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1843ஆம் ஆண்டு தொடங்கிய கோதுமைப் பரீட்சையில் ஒவ்வொரு பசளையும் நீண்ட பட்டியொன்றில் இடப்பட்டது. ஒரு பட்டியின் விளைவு பசளையால் வந்ததா, அப்பட்டி மண்ணின் இயல்பால் வந்ததா என்னும் ஐயம் இவ்வமைப்பில் எழுவது இயல்பு. 1919ஆம் ஆண்டு அந்நிலையத்திற் சேர்ந்த றொனால்ட் பிஷர், வயலைச் சிறு பாத்திகளாக்கி, எப்பாத்திக்கு எப்பசளை என்பதை மனிதர் தெரிவு செய்யாது எழுமாற்றாகத் தீர்மானித்தல் வேண்டுமெனக் கூறினார். 1926ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றிலும், 1935ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலும் இம்முறையை விளக்கினார்.

சுண்டிய நாணயம் நீரை அறியாது, மண்ணை அறியாது, உடையவரின் பணத்தையும் அறியாது. ஆகவே, நாணயம் தெரிந்த பாத்திகளுள் நல்ல மண்ணும் தீய மண்ணும் சார்பின்றி அமையும். நீருக்கும் திரவத்துக்கும் இடையேயிருந்த பிணைப்பு அறுந்துவிடுகின்றது. கண்டறியாத காரணிகளின் பிணைப்பும் அவ்வாறே அறுகின்றது. இதுவே இம்முறையின் சிறப்பு.

வயலிற் செய்யும் முறை

ஒரே இனமும் ஒரே நாளில் விதைத்ததுமான வயலில் 6 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமுமுள்ள 12 பாத்திகளைக் கயிறிட்டுக் குறித்தல் வேண்டும். நீர்வாயிலிருந்து கடைவரை இரண்டிரண்டாக 6 சோடி அமைக்குக. ஒரு சோடியின் இரு பாத்திகளும் நீர்வாயிலிருந்து சம தூரத்தில் அருகருகே இருத்தல் வேண்டும்.

ஒவ்வொரு சோடிக்கும் ஒரு முறை நாணயம் சுண்டுக. தலை விழுந்தால் இடப்பாத்திக்கும், பூ விழுந்தால் வலப்பாத்திக்கும் திரவம் விசிறுக. மற்றப் பாத்திக்கு அதே அளவு வெறும் நீரை விசிறுக. விசிறும்போது மிதிபடுவதும் நனைவதும் இரண்டுக்கும் ஒத்திருத்தல் வேண்டும். நாணயம் விழுந்த பின்னர், “இப்பாத்தி செழிப்பாயிருக்கின்றது, இதற்கே விசிறலாம்” என மாற்றுதல் கூடாது. மாற்றியவுடன் அறுந்த பிணைப்பு மீண்டும் கட்டப்பட்டுவிடும்.

காற்றோய்ந்த காலை வேளையில் விசிறுக. திரவம் அயற்பாத்தியிற் படுமாதலால், அறுவடையில் நாற்புறமும் அரை மீற்றர் நீக்கி, நடுவிலுள்ள 5 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமுமான பகுதியை மட்டும் வெட்டிச் சூடடித்து, ஒரே அளவிற் காயவிட்டு நிறுத்தல் வேண்டும். நிறுப்பவருக்குப் பாத்தியின் இலக்கம் மட்டுமே தெரிந்திருத்தல் நலம்.

பெறுபேற்றை நோக்கும் வகை

இவ்வாறு நிறுத்த நெல் பின்வருமாறு இருந்ததெனக் கொள்வோம்.

முதற் சோடி: திரவம் 9.6, நீர் 9.3 கிலோகிராம்
இரண்டாம் சோடி: 9.0, 9.2
மூன்றாம் சோடி: 8.5, 8.1
நான்காம் சோடி: 7.6, 7.7
ஐந்தாம் சோடி: 7.1, 7.3
ஆறாம் சோடி: 6.5, 6.4

நீர்வாயிலிருந்து கடைக்குச் செல்ல விளைவு 3 கிலோகிராம் வரை குறைகின்றது. ஆனால், சோடிக்குள் வேறுபாடு சிறிது. மூன்று சோடிகளில் திரவப் பாத்தியும் மூன்றில் நீர்ப் பாத்தியும் முந்துகின்றன. சராசரியில் திரவத்தின் மிகுதி 0.05 கிலோகிராம், ஏக்கருக்கு அது ஏறக்குறைய அரைப் புசல். அடுத்தடுத்த பாத்திகள் மண்ணாலேயே இதனினும் பெரிதும் வேறுபடுமாதலின், இதனைத் திரவத்தின் பயனென்று கூற முடியாது.

ஆறு சோடிகளிலும் திரவமே முந்தியிருப்பின் நிலை வேறு. திரவத்திற்கு யாதொரு பயனும் இல்லாதபோது அவ்வாறு நேர்வது, நாணயத்தை 6 முறை சுண்ட 6 முறையும் தலை விழுவதற்கு ஒப்பாகும்; அது 64 தடவைக்கு ஒரு முறையே எதிர்பார்க்கத்தக்கது. எழுமாற்றாகச் சுண்டியமையாலேயே இக்கணக்குச் செல்லும்.

ஆறு சோடிகள் சிறு பயனைக் காட்டப் போதியனவல்ல என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரு வயலில் ஒரு போகத்திற் கண்டது வேறு மண்ணுக்கும் வேறு மழைக்கும் பொருந்தாமலும் போகலாம். ஆதலால் தலைப்பக்கத்தார் இருவரும் கடைப்பக்கத்தார் இருவரும் சேர்ந்து, தத்தம் வயலில் தனித்தனியே நாணயம் சுண்டி, பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் இப்பரீட்சையைச் செய்தல் நன்று. அதன் பின்னரே முழு வயலுக்கும் திரவம் வாங்குவதா என்பதைத் தீர்மானித்தல் தகும்.