தேநீர் ஆறும் நேரம்: முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாட்டின் ஒரு பயன்பாடு

அறிமுகம்

அடுப்பிலிருந்து இறக்கிக் கோப்பையில் ஊற்றிய தேநீரை உடனே பருக இயலாது. சிறிது நேரம் ஆறவிட வேண்டும். அந்தச் ‘சிறிது நேரம்’ எத்தனை நிமிடங்கள்? கைக்கடிகாரமும் வெப்பநிலைமானியும் இருந்தால், இரண்டு அளவீடுகளைக் கொண்டே இதனைக் கணக்கிட்டுவிடலாம்.

இக்கணக்கிற்கு உடல்நலம் சார்ந்த ஒரு காரணமும் உண்டு. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 65°C-க்கு மேற்பட்ட வெப்பநிலையில் பானங்களைப் பருகுவதை உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ள பழக்கங்களுள் ஒன்றாக 2016-ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. எனவே இப்பகுதியில் 60°C என்பதைப் பருகத்தக்க வெப்பநிலையாகக் கொள்வோம்.

நியூட்டனின் குளிர்வு விதி

ஐசக் நியூட்டன் 1701-ஆம் ஆண்டு, தம் பெயரைக் குறிப்பிடாமல் இலண்டன் இராயல் கழகத்தின் இதழில் வெப்பத்தின் அளவீடு குறித்த ஒரு கட்டுரையை வெளியிட்டார். பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சீராக வீசும் காற்றில் குளிரவிட்டு, சம கால இடைவெளிகளில் அதன் மிகை வெப்பம் பெருக்குத் தொடர் முறையில் குறைகிறது என்ற கருத்தை அவர் அதில் பயன்படுத்தினார். இக்கருத்தை இன்று வகைக்கெழுச் சமன்பாடாக எழுதுகிறோம்.

*ஒரு பொருளின் வெப்பநிலை குறையும் வீதம், அப்பொருளின் வெப்பநிலைக்கும் சுற்றுப்புறத்தின் வெப்பநிலைக்கும் இடையே உள்ள வேறுபாட்டிற்கு நேர்விகிதத்தில் இருக்கும்.*

t நிமிடங்களுக்குப் பின் தேநீரின் வெப்பநிலை T என்க. அறையின் வெப்பநிலை S ஒரு மாறிலி என்க. எனவே,

dT/dt = −k(T − S), k > 0 … (1)

T > S ஆக இருக்கும்வரை வெப்பநிலை குறைந்துகொண்டே வருவதால் குறைக்குறி இடப்பட்டுள்ளது. இதில் முதல் வகைக்கெழு மட்டுமே இடம்பெறுவதால் இது முதல் வரிசைச் சமன்பாடாகும்.

k என்னும் மாறிலியின் பொருளையும் அறிதல் நன்று. தேநீரின் நிறை m, தன்வெப்ப ஏற்புத்திறன் c, வெப்பம் வெளியேறும் பரப்பு A, ஓரலகுப் பரப்பின் வழியே ஒரு பாகை வேறுபாட்டிற்கு ஓரலகு நேரத்தில் வெளியேறும் வெப்பம் h எனில்,

mc (dT/dt) = −hA(T − S), அதாவது k = hA/(mc)

பரப்பு மிகுந்தாலும் நிறை குறைந்தாலும் k பெரிதாகி, தேநீர் விரைந்து ஆறும். கோப்பையிலுள்ள தேநீரிற் பாதியை அகன்ற வட்டிலில் ஊற்றினால் விரைவில் ஆறுவதன் காரணம் இதுவே. வட்டிலில் A மிகுகிறது, m குறைகிறது.

சமன்பாட்டின் தீர்வு

(1)-இல் மாறிகளைப் பிரித்து எழுத,

dT/(T − S) = −k dt

இருபுறமும் தொகையிட, logₑ(T − S) = −kt + c₁. எனவே,

T − S = C e^(−kt)

t = 0 எனும்போது T = T₀ என்பது தொடக்க நிபந்தனை. இதனைப் பிரதியிட C = T₀ − S எனக் கிடைக்கும். ஆகவே,

T = S + (T₀ − S) e^(−kt) … (2)

இங்கு குறைந்துகொண்டே வருவது T − S என்னும் *மிகை வெப்பநிலை*. சம கால இடைவெளிகளில் இது ஒரே விகிதத்தால் பெருக்கப்பட்டுக் குறைகிறது.

எடுத்துக்காட்டு 1

30°C வெப்பநிலையுள்ள அறையில், 85°C வெப்பநிலையுள்ள தேநீர் ஒரு கோப்பையில் வைக்கப்படுகிறது. 5 நிமிடங்களுக்குப் பின் அதன் வெப்பநிலை 74°C. அது 60°C-ஐ அடைய எவ்வளவு நேரமாகும்?

*தீர்வு:*

S = 30, T₀ = 85 என்பதால், (2)-இன்படி T = 30 + 55 e^(−kt).

t = 5 எனும்போது T = 74. எனவே,

44 = 55 e^(−5k)
e^(−5k) = 44/55 = 0.8
k = (1/5) logₑ 1.25 = 0.2231/5 ≈ 0.0446

T = 60 எனும்போது,

30 = 55 e^(−kt)
t = (1/k) logₑ(55/30) = 5 × 0.6061/0.2231 ≈ 13.6

எனவே, தேநீரைக் கோப்பையில் வைத்ததிலிருந்து ஏறத்தாழ 13½ நிமிடங்களுக்குப் பின் அதனைப் பருகலாம்.

*சரிபார்த்தல்:* ஒவ்வொரு 5 நிமிடத்திற்கும் மிகை வெப்பநிலை 0.8 மடங்காகிறது. 10-ஆவது நிமிடத்தில் அது 55 × 0.64 = 35.2; வெப்பநிலை 65.2°C. 15-ஆவது நிமிடத்தில் 55 × 0.512 = 28.16, வெப்பநிலை ஏறத்தாழ 58.2°C. தேவையான 60°C இவ்விரண்டிற்கும் இடையே, 15-ஆவது நிமிடத்திற்கு அருகில் அமைவதால் விடை பொருத்தமானதே.

இங்கு நேரும் பிழை

5 நிமிடத்தில் 11 பாகை குறைந்தது. எனவே 25 பாகை குறைய 25 × 5/11 ≈ 11.4 நிமிடமாகும் என்று நேர்விகித முறையில் கணக்கிடுவோர் உண்டு. ஆனால் (2)-இன்படி 11.4-ஆவது நிமிடத்தில் தேநீரின் வெப்பநிலை ஏறத்தாழ 63°C. அது இன்னும் பருகத்தக்க நிலையை அடையவில்லை.

பிழை எங்கிருந்து வருகிறது? குளிர்வின் வேகம் மாறாதது என்று கொண்டதிலிருந்தே வருகிறது. (1)-இன்படி, தொடக்கத்தில் வேகம் 0.0446 × 55 ≈ 2.5 பாகை/நிமிடம். 60°C-இல் அது 0.0446 × 30 ≈ 1.3 பாகை/நிமிடம் மட்டுமே. ஆற ஆற, ஆறும் வேகமும் குறைகிறது. நேர்க்கோட்டுக் கணக்கு இதனைப் புறக்கணிப்பதால் எப்போதும் குறைவான நேரத்தையே தரும்.

மாதிரி எப்போது பொருந்தும்?

மாறாத k என்பது ஓர் எடுகோள். ஒரு குறிப்பிட்ட கோப்பைக்கு அது பொருந்துகிறதா என அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சம கால இடைவெளிகளில் வெப்பநிலையை அளந்து, அடுத்தடுத்த மிகை வெப்பநிலைகளின் விகிதங்களைக் காண வேண்டும். விகிதங்கள் ஒன்றாக இருந்தால் விதி பொருந்துகிறது. மாறிக்கொண்டே இருந்தால் பொருந்தவில்லை.

எடுத்துக்காட்டு 2

30°C வெப்பநிலையுள்ள அறையில், மூடாத கோப்பையில் மிகச் சூடான தேநீர் ஊற்றப்பட்டுப் பின்வரும் அளவீடுகள் பெறப்பட்டன எனக் கொள்க. விதி பொருந்துகிறதா எனச் சோதித்து, 60°C-ஐ அடையும் நேரத்தைக் காண்க.

| நேரம் (நிமிடம்) | வெப்பநிலை (°C) | மிகை வெப்பநிலை | முந்தையதுடன் விகிதம் |
|---|---|---|---|
| 0 | 90 | 60 | – |
| 5 | 75 | 45 | 0.75 |
| 10 | 65 | 35 | 0.78 |
| 15 | 58 | 28 | 0.80 |

*தீர்வு:*

விகிதம் 0.75-இலிருந்து 0.80 வரை உயர்கிறது. அதாவது, தொடக்கத்தில் தேநீர் விதி கூறுவதைவிட வேகமாகக் குளிர்ந்திருக்கிறது.

முதல் இரண்டு அளவீடுகளை மட்டும் பயன்படுத்தினால், k = (1/5) logₑ(60/45) ≈ 0.0575. மிகை வெப்பநிலை 60-இலிருந்து 30 ஆகக் குறைய ஆகும் நேரம் 0.6931/0.0575 ≈ 12 நிமிடங்கள்.

10, 15-ஆவது நிமிட அளவீடுகளைப் பயன்படுத்தினால், k = (1/5) logₑ(35/28) ≈ 0.0446. மிகை வெப்பநிலை 35-இலிருந்து 30 ஆகக் குறைய ஆகும் நேரம் (1/0.0446) logₑ(35/30) ≈ 3.5 நிமிடங்கள். எனவே மொத்த நேரம் 10 + 3.5 = 13.5 நிமிடங்கள்.

இரண்டாம் விடையே நம்பத்தக்கது. 60°C என்பது 65°C-க்கும் 58°C-க்கும் இடையே உள்ளது. அந்த இடைவெளியில் அளந்த k-ஐயே அதற்குப் பயன்படுத்தியுள்ளோம். முதல் விடையை நம்பி 12-ஆவது நிமிடத்தில் பருகினால் தேநீர் 62°C அளவில் இருக்கும்.

*காரணம்:* மூடாத கோப்பையில் வெப்பம் இரு வழிகளில் வெளியேறுகிறது. கோப்பையின் சுவர் வழியாகவும் காற்றின் வழியாகவும் வெளியேறும் வெப்பம், வெப்பநிலை வேறுபாட்டிற்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் அமையும். மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாவதால் வெளியேறும் வெப்பம் அவ்வாறு அமைவதில்லை. நீரின் தெவிட்டிய ஆவி அழுத்தம் 90°C-இல் இருப்பது, 60°C-இல் இருப்பதைப் போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. ஆனால் இவ்விரு நிலைகளிலும் மிகை வெப்பநிலைகள் 60, 30. அவை இரு மடங்கே. ஆகவே தேநீர் மிகச் சூடாக இருக்கும்போது ஆவியாதல் தன் பங்குக்கு மேல் வெப்பத்தை வெளியேற்றி k-ஐ உயர்த்துகிறது. ஆற ஆற அதன் பங்கு சுருங்குகிறது. கோப்பையைத் தட்டால் மூடிவைத்தால் ஆவி வெளியேறாது. விகிதங்கள் ஒன்றையொன்று நெருங்கும். ஆனால் k சிறியதாகி, ஆறும் நேரம் நீளும்.

குறிப்பு

தேநீரை ஆற்றும்போது, அதாவது ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு உயர்த்தி ஊற்றும்போது, காற்றுபடும் பரப்பும் ஆவியாதலும் ஒருசேர மிகுகின்றன. அப்போது k பன்மடங்காகிறது. எனவே ஆற்றுவதற்கு முன் அளந்த k-ஐ, ஆற்றும் நேரத்திற்கோ அதன்பின் வேறு பாத்திரத்தில் உள்ள தேநீருக்கோ பயன்படுத்தக் கூடாது. பாத்திரமோ அளவோ மாறினால் k-ஐப் புதிதாகக் காண வேண்டும்.

பயிற்சி

1. 28°C வெப்பநிலையுள்ள அறையில் 88°C வெப்பநிலையுள்ள காப்பி, 4 நிமிடங்களில் 76°C ஆகக் குறைகிறது. அது 58°C-ஐ அடைய மொத்தம் எவ்வளவு நேரமாகும்?

2. எடுத்துக்காட்டு 1-இல் உள்ள அதே கோப்பைத் தேநீர் (T₀ = 85, k = 0.0446), 20°C வெப்பநிலையுள்ள குளிரூட்டப்பட்ட அறையில் வைக்கப்பட்டால் 60°C-ஐ அடைய ஆகும் நேரத்தைக் காண்க.

3. பால் சேர்க்காத 120 மி.லி. தேநீரில், அறை வெப்பநிலையில் உள்ள 30 மி.லி. பால் கலக்கப்படுகிறது. இரண்டின் வெப்ப ஏற்புத்திறனும் கன அளவிற்கு நேர்விகிதத்தில் உள்ளன எனக் கொள்க.
(அ) பால் கலந்தவுடன் மிகை வெப்பநிலை 0.8 மடங்காகும் எனக் காட்டுக.
(ஆ) k மாறாது எனில், பாலை முதலிலேயே கலந்து 10 நிமிடம் வைத்தாலும், 10 நிமிடம் வைத்தபின் கலந்தாலும் இறுதி வெப்பநிலை ஒன்றே என நிறுவுக.
(இ) k = hA/(mc) என்பதில் hA மாறாது எனக் கொண்டு, m-இன் மாற்றத்தையும் கருத்திற்கொண்டால், எம்முறையில் தேநீர் மிகுதியாகக் குளிர்ந்திருக்கும்?

*விடைகள்:* 1) ஏறத்தாழ 12.4 நிமிடங்கள் 2) ஏறத்தாழ 10.9 நிமிடங்கள் 3) (இ) பாலைப் பின்னர்க் கலக்கும் முறையில்