உடைந்து வந்த மானிட்டரும் இரண்டு கடிதங்களும்

மகனுக்காக இணையக் கடையில் வாங்கிய 24 அங்குல மானிட்டர் வந்தபோது, பெட்டியின் இடது மூலை நசுங்கியிருந்தது. திரையில் கீறல் ஏதும் தெரியவில்லை. ஸ்விட்சைப் போட்டதும்தான் அந்த மூலையிலிருந்து சிலந்தி வலைபோல் கோடுகளும், மை கொட்டினாற்போல் ஒரு கருந்திட்டும் தோன்றின. உள்ளேயிருக்கும் பேனல் விரிசல் விட்டிருந்தது.

“மானிட்டர் பழுது, மாற்றித் தரவும்” என்று ஒரே வரி எழுதினேன். “உடைசலுக்கு வாரண்டி கிடையாது” என்று பதில் வந்தது. வாரண்டியைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் நான் கேட்க வேண்டியது வாரண்டியே அல்லவே! மறுபடி எழுதினேன்:

“ஐயா, 12ஆம் தேதி மாலை 4 மணிக்குப் பொருள் கிடைத்தது. 4.20க்கு முதன்முறை இயக்கியபோதே பேனல் விரிசலுடன் இருந்தது. பெட்டி நசுங்கிய மூலையில்தான் விரிசலும் தொடங்குகிறது. நான் வாரண்டி கோரவில்லை. உடைந்த நிலையில் ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு மாற்று கோருகிறேன். பெட்டி, அதன் லேபிள், மானிட்டரின் சீரியல் எண், எரியும் திரை ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன்.”

திரையை அணைத்து எடுத்த படத்தில் விரிசல் தெரியாது. எரியவிட்டே எடுக்க வேண்டும்.

பழுதான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக்கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். இதையும் கடைசி வரியாகச் சேர்த்தேன்.

நான்காம் நாள் புது மானிட்டர் வந்தது. பழையதை எடுத்துப்போக வந்த பையன் முதலில் கேட்டது அந்த நசுங்கிய பெட்டியைத்தான். நல்லவேளை, பழைய பேப்பர்காரரிடம் போட்டிருக்கவில்லை.