கிரகப்பிரவேசத்துக்கு லீவு: முதலாளி மறுக்கலாமா?

கேள்வி: திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம் 12,000 ரூபாய். ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை 4.30 முதல் 6 மணி வரை எங்கள் புது வீட்டுக்கு முகூர்த்தம் குறித்திருக்கிறார்கள். ஒரு நாள் லீவு கேட்டேன். “ஆறு மணிக்கு முடிந்துவிடுமே, பத்து மணிக்குக் கடைக்கு வா. வராவிட்டால் மூன்று நாள் சம்பளம் பிடிப்பேன்” என்கிறார் முதலாளி. அப்படிச் செய்யலாமா?
– ஒரு வாசகி

பதில்: மூன்று நாள் சம்பளத்தைப் பிடிக்க அவருக்கு உரிமை இல்லை, அம்மா. வேலைக்கு வராத நாளுக்குரிய சம்பளத்தைத்தான் பிடிக்கலாம். ஒரு நாளுக்கு 400 ரூபாய். அவர் சொல்வதோ 1,200.

அந்த 400 ரூபாயையும் நீங்கள் இழக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 25-ஆவது பிரிவு, நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் தற்செயல் விடுப்பு தருகிறது. உடம்பு சரியில்லாதபோது எடுக்கும் 12 நாள் இதில் சேராது, அது தனி. சொந்த வீட்டுக் கிரகப்பிரவேசம் நியாயமான காரணம்தான் என்பது என் உறுதியான கருத்து. “வாரவிடுமுறையை மாற்றித் தருகிறேன்” என்று அவர் சொன்னால் ஏற்பது உங்கள் விருப்பம். ஏற்றால், அந்த நாளைத் தற்செயல் விடுப்பில் கழிக்கக் கூடாது.

இத்தகைய வழக்குகளில் தொழிலாளி தோற்பது பெரும்பாலும் வாய்ப்பேச்சால்தான். “என்னிடம் கேட்கவே இல்லை” என்று முதலாளி சொல்லிவிட்டால் உங்களிடம் சாட்சி ஏது? ஆகவே இன்றே எழுதிக் கொடுங்கள். “வரும் … தேதி வெள்ளிக்கிழமை என் வீட்டுக் கிரகப்பிரவேசம். முதல் நாள் இரவே வாஸ்து சாந்தி, விடியற்காலை 4.30-க்கு ஹோமம், பால் காய்ச்சுதல், பிறகு உறவினர்களுக்குச் சாப்பாடு. எனவே அன்று முழுநாளும் தற்செயல் விடுப்பு வேண்டும்” என்று இருந்தால் போதும். ‘முழுநாளும்’ என்ற சொல் முக்கியம். முகூர்த்த நேரத்தை மட்டும் எழுதினால், “பத்து மணிக்கு வா” என்பதற்கு நீங்களே வழிவிட்டதாகும். பத்திரிகையையும் இணைத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். கையொப்பமிட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு படம் போடுங்கள்.

முகூர்த்த நாளில் ஜவுளிக்கடையில் கூட்டம் இருக்கும் என்பது உண்மை. முதலாளியின் அந்தக் கவலையையும் மதித்து, உங்கள் கவுண்டரை அன்று யார் பார்த்துக்கொள்வார் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அப்படியும் மறுத்தால், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். அனுமதியில்லாமல் வராததை ஒழுங்கீனம் என்று அவர் குற்றம்சாட்ட இடமுண்டு. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதங்களோடு உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆய்வர் அலுவலகத்தில் முகூர்த்தத்துக்கு முன்பே மனுக் கொடுங்கள்.

வேலையை விட்டே நிறுத்திவிடுவாரோ என்று அஞ்ச வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் நிறுத்த 41-ஆவது பிரிவு இடம் தராது. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் நிறுத்துவதானால், விசாரணை நடத்தி அதை நிரூபித்திருக்க வேண்டும்.