மருந்தைத் திருப்பியனுப்பும் புரதம்

நாம் விழுங்கும் மருந்து முழுவதும் இரத்தத்தில் கலந்துவிடுகிறது என்று எண்ணுகிறோம். சில மருந்துகளைப் பொறுத்தவரை அஃது உண்மையன்று. குடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்களில், உணவு செல்லும் பக்கத்துச் சவ்வில், ஒரு புரதம் பதிந்திருக்கிறது. அதுவே பி-கிளைக்கோபுரதம். 1976-ஆம் ஆண்டில் ஜூலியானோ, லிங் என்னும் இருவர், மருந்துக்கு அடங்காத வெள்ளெலி உயிரணுக்களில் இதனைக் கண்டறிந்தனர்.

இப்புரதம் ஒரு நீரிறைக்கும் பம்பைப் போன்றது. இதன் வாய் முதலில் உயிரணுவின் உட்பக்கம் நோக்கித் திறந்திருக்கும். சவ்வினுள் நுழைந்த மருந்து மூலக்கூறு அவ்வாயில் அகப்படும். ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருள் வந்து ஒட்டியதும் புரதம் உருமாறி, வாயை வெளிப்பக்கம் திருப்பி, மருந்தை மீண்டும் குடலுக்குள்ளேயே தள்ளிவிடும்.

இதயநோய்க்குத் தரும் டிகாக்சின் இவ்வாறு தள்ளப்படும் மருந்துகளில் ஒன்று. மேலைநாடுகளில் மனச்சோர்வுக்காகப் பலர் உண்ணும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகையை இதனோடு சேர்த்தால் என்னவாகும்? ஜெர்மனியில் நடத்தப்பட்டு 1999-இல் வெளிவந்த ஆய்வு இதற்கு விடை தந்தது. முதல் நாளில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. பத்தாம் நாளிலோ, அடுத்த வேளை மருந்துக்கு முன் இரத்தத்தில் எஞ்சியிருந்த டிகாக்சின் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. காரணம் யாது? மூலிகையிலுள்ள ஹைபர்போரின், உயிரணுவினுள் ஓர் உணரிப் புரதத்துடன் இணைந்து, பம்பை உண்டாக்கும் மரபணுவைத் தூண்டுகிறது. புதிய பம்புகள் உருவாகச் சில நாட்கள் பிடிக்கும்.

ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். இதயத் தளர்ச்சியுள்ள ஒருவருக்கு டிகாக்சின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தெளிவில் 0.5 முதல் 0.9 நானோகிராம் வரை இருத்தல் நலம். 0.8 இருந்தவர்க்கு மூலிகையால் அது 0.53 ஆகிறது. மூலிகையை அறியாத மருத்துவர் மருந்தை ஒன்றரை மடங்காக்குகிறார்; மீண்டும் 0.8 ஆகிறது. பின்னர் நோயாளி மூலிகையை நிறுத்திவிடுகிறார். கூடுதல் பம்புகள் மெல்ல மறைய, அளவு 1.2-க்கு ஏறுகிறது. பசியின்மை, குமட்டல், பொருள்கள் மஞ்சளாகத் தோன்றுதல், இதயத்துடிப்பு தாறுமாறாதல் ஆகியவை அளவு மிஞ்சியதன் அறிகுறிகள். ஆகவே, மூலிகையைத் தொடங்கும்போது மட்டுமன்றி, நிறுத்தும்போதும் மருத்துவரிடம் கூறல் வேண்டும்.

எல்லா மூலிகையும் பம்பைப் பெருக்குவதில்லை. நம் மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த குடல் உயிரணுக்களில் பம்பைத் தடுத்தது; மருந்து வெளியேறுவது குறைந்தது. இது 2002-இல் வெளியான முடிவு. எனினும் உயிரணுக்களில் கண்டதை அப்படியே இரசத்திலிட்ட மிளகுக்குப் பொருத்துதல் தகாது. பைப்பரினைச் செறிவாக அடைத்த மாத்திரைகளை உண்போரே இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.