நாற்காலி நிறைந்தும் பை நிறையவில்லை: நக அலங்கார நிலையத்துக்கு விலையும் நேரமும் வகுப்பது எப்படி?



நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடனில் வீட்டின் முன்னறையிலேயே பெண்களுக்கான நக அலங்கார நிலையம் தொடங்கிய ஒரு சகோதரி, ஐந்தாம் மாதம் தவணை கட்ட முடியாமல் வந்தார். "மாமா, நாற்காலி காலியாவதே இல்லை. மாதக் கடைசியில் கையில் எதுவும் நிற்பதும் இல்லை" என்றார். வேலையில் குறையில்லை, வாடிக்கையாளர்களும் திரும்ப வருகிறார்கள். பிறகு எங்கே ஓட்டை? அவருடைய நோட்டை வைத்துக்கொண்டு நாங்கள் போட்ட கணக்கை, அவர் சம்மதத்துடன் இங்கே பாடமாகத் தருகிறோம்.

அவர் ஜெல் பாலிஷுக்கு 350 ரூபாய் வாங்கினார். பக்கத்துத் தெரு அழகு நிலையத்தில் 400 என்று கேள்விப்பட்டு, புதிதாக வந்தவர் என்பதால் ஐம்பது குறைத்து வைத்த விலை அது. ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் என்று முன்பதிவு கொடுத்தார். அந்த விலையும் அந்த நேரமும் அவருடைய கணக்கிலிருந்து வந்தவை அல்ல. கோளாறு அங்கேதான் தொடங்கியது.

முதலில் ஒரு நிமிடத்தின் விலை

மேசை, நாற்காலிகள், எல்.இ.டி. விளக்கு, டிரில் மெஷின், தூசி உறிஞ்சி, கருவிகள், கிருமிநீக்கப் பெட்டி எல்லாம் சேர்ந்து 36,000 ரூபாய். இவை இரண்டு ஆண்டு உழைக்கும் என்று வைத்தால் மாதம் 1,500. அவருடைய கடன் தவணையும் அதே 1,500தான். கருவிக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று என்று இரண்டு முறை எழுதக் கூடாது. ஆனால் கடன் முடிந்ததும் அந்த 1,500ஐ எடுத்து வைப்பதை நிறுத்தவும் கூடாது. விளக்கு பழுதானால் மீண்டும் கடனுக்கு வராமல் காப்பது அந்தப் பணம்தான்.

முன்னறை சொந்த வீட்டில் இருந்தாலும் அதற்கு 3,000 வாடகை எழுதினோம். மின்சாரத்துக்கு 1,000, துண்டு, சலவை, தொலைபேசிக்கு 500. ஆக மாதச் செலவு 6,000. அவருடைய உழைப்புக்கு 12,000. மொத்தம் 18,000.

வெள்ளி விடுமுறை போக மாதம் ஏறத்தாழ 24 நாள், நாளைக்கு 5 மணி நேரம் என்றால் 120 மணி. முதல் ஆண்டில் அதில் பாதிக்குத்தான் பணம் வரும் என்று எண்ணுவது பாதுகாப்பு. 18,000ஐ 60 மணியால் வகுத்தால் மணிக்கு 300, அதாவது நிமிடத்துக்கு ஐந்து ரூபாய். இந்த ஓர் எண் கையில் இருந்தால் விலைப்பட்டியல் தானே வந்துவிடும்.

பிறகு உண்மையான நேரம்

பத்து வாடிக்கையாளர்களுக்கு, உட்கார்ந்த நேரத்தையும் மேசை அடுத்தவருக்குத் தயாரான நேரத்தையும் எழுதச் சொன்னோம். நக ஓரத் தோலைச் சரிசெய்வது, அடிப்பூச்சு, இரண்டு நிறப்பூச்சு, மேற்பூச்சு, ஒவ்வொன்றுக்கும் விளக்கின் கீழ் உலரும் நேரம் எல்லாம் சேர்ந்து 75 நிமிடம் ஆனது. அதன்பின் மேசை துடைத்து, கருவிகளைக் கழுவி கிருமிநீக்கத்தில் போட 15 நிமிடம். சராசரியை எடுக்காதீர்கள்; பத்துப் பேரில் எட்டுப் பேருக்குப் போதுமான நேரத்தை எடுங்கள். அவருக்கு அது 90 நிமிடம்.

90 நிமிட வேலையை 60 நிமிடத்தில் திணித்தால் என்ன ஆகும்? அடுத்தவர் வாசலில் காத்திருப்பார், கை பரபரக்கும், நகத்தைச் சரியாகத் துடைத்துக் காயவைக்காமல் பூச்சு ஏறும். ஒரு வாரத்துக்குள் ஓரத்தில் பாலிஷ் தூக்கிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் காரணம் இந்த அவசரம்தான். இலவசமாகத் திருத்தித் தரும் 20 நிமிடமும் நூறு ரூபாய்தான். சரியாக உலராத ஜெல் தோலில் தொடர்ந்து பட்டால் நகத்தைச் சுற்றி அரிப்பும் ஒவ்வாமையும் வரும். கிருமிநீக்கியில் கருவி கிடக்க வேண்டிய நேரம் புட்டியிலேயே போட்டிருக்கும். அதைச் சுருக்க முடியாது. அதனால்தான் அவரை இன்னொரு செட் கருவி வாங்கச் சொன்னோம். ஒன்று ஊறும்போது மற்றது கையில் இருக்கும்.

விலை விழும் விதம்

90 நிமிடத்துக்கு 450 ரூபாய். ஒருவருக்கு ஆகும் பூச்சு, அரம், கையுறை, பஞ்சு 60 ரூபாய். புட்டியைத் திறந்த நாளிலிருந்து ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அதன் மேல் ஒரு கோடு போட்டால் இந்தத் தொகை தெரிந்துவிடும். ஆக 510, பட்டியலில் 520 என்று வைத்தார்.

பழைய விலையில் மாதம் 40 பேர் வந்தால் 14,000. பொருளுக்கு 2,400, செலவுக்கு 6,000 போனால் அவருக்கு மிஞ்சுவது 5,600. கல்லாவிலிருந்தே வீட்டுச் செலவுக்கும் எடுத்ததால் தவணைப் பணம் கரைந்துபோனது. புதிய விலையில் அதே 40 பேருக்கு மிஞ்சுவது 12,400.

நகத்தில் சித்திரம் வேண்டுமென்றால் ஒரு நகத்துக்கு 20 ரூபாய். பத்து நகத்துக்கும் அரை மணி கூடுதலாக ஆகும் என்பதால் முன்பதிவின்போதே சொல்ல வேண்டும். கூலியும் வேலையும் இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்திருப்பது மார்க்கமும் கேட்கும் நிபந்தனை. வேலை முடிந்த பின் "இதற்குத் தனி" என்று சொல்லும் இடம் பட்டியலில் இருக்கக் கூடாது.

நம் வாடிக்கையாளர்களுக்கென ஒரு வரி

மருதாணியின் நிறம் தண்ணீரைத் தடுப்பதில்லை. பாலிஷ் நகத்தின் மேல் படலமாக நிற்பதால் ஒளுவும் குளிப்பும் நிறைவேறாது. எனவே நம் பெண்கள் பலர் தொழுகை இல்லாத நாட்களில் மட்டும் போட்டுக்கொண்டு, குளிப்புக்கு முன் அகற்ற வருகிறார்கள். ஜெல்லை வீட்டில் சுரண்டினால் நகம் மெலிந்துபோகும்; மேற்பூச்சைத் தேய்த்து, அசிட்டோனில் ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். இதை அந்தச் சகோதரி முன்பு இலவசமாகச் செய்தார். இப்போது அகற்றுவதற்கென 30 நிமிடம், 170 ரூபாய் என்று தனி வரி உண்டு. போடும்போதே இதையும் சொல்லிவிடுகிறார்.

அவருடைய நாள் இப்போது இப்படி: 10 மணி, 11.30 மணி, லுஹர் தொழுகைக்கும் உணவுக்கும் பிறகு 2 மணி என்று மூன்று ஜெல் முன்பதிவு. 3.30 முதல் 4 வரை அகற்றுவதற்கு மட்டும். அவசரமாக வருபவருக்காக அந்த அரை மணி திறந்தே இருக்கும்.

விலை ஏறியதும் ஆறு பேர் வருவதை நிறுத்தினார்கள். அதற்காக அவர் விலையைக் குறைக்கவில்லை. 34 பேர் வந்தாலும் அவருக்கு 9,640 மிஞ்சுகிறது. பழைய விலையில் 40 பேருக்குக் கிடைத்ததைவிட அது அதிகம். ஆனால் மூன்று மாதத்துக்குப் பின்னும் 60 மணி நிறையாவிட்டால் கணக்கை மறுபடி பார்க்க வேண்டும். ஒரு நிறப்பூச்சோடு முடியும் 75 நிமிட வேலை ஒன்றைக் குறைந்த விலைக்குச் சேர்க்கலாம். 90 நிமிட வேலையின் விலையை மட்டும் வெட்டினால் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். மாறாக, நாட்குறிப்பு எப்போதும் நிரம்பியும் பணம் மிஞ்சவில்லை என்றால், விலை குறைவு அல்லது எழுதிய நேரம் பொய் என்று அறிந்துகொள்ளுங்கள்.

இந்தத் தொகைகள் அந்தச் சகோதரியின் கணக்கு. உங்கள் வாடகையும் வேகமும் வேறாக இருக்கும். எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். கடன் மனு கொடுக்கும் சகோதரிகள் இனி பத்து வாடிக்கையாளர் நேரக்குறிப்பையும் இணைத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். நம் உழைப்பிலும் கொடுக்கல் வாங்கலிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

செயலாளர்